மகப்பேறின்மைக்குப் பின்னால் இருந்த காசநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய் பெரும்பாலும் இருமலோ காய்ச்சலோ காட்டாது. குழந்தை இல்லை என்று மருத்துவரைப் பார்க்க வரும்போதுதான் பலரிடம் அது தெரியவருகிறது. அப்படி வந்த ஒரு பெண்ணின் நோயை எதனால் சந்தேகித்தோம், எந்தப் பரிசோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். அந்தத் தம்பதியின் ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 29. மணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியும் ஒருமுறைகூடக் கருத்தரிக்கவில்லை. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. கணவர் சரக்கு வாகன ஓட்டுநர். அவருடைய விந்துப் பரிசோதனை இரண்டு முறை செய்யப்பட்டு இரண்டு முறையும் இயல்பாக இருந்தது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர்கள் இரண்டு இடங்களில் சிகிச்சை எடுத்திருந்தார்கள். முதல் இடத்தில் முட்டை வளர்வதற்கான மாத்திரைகள் பல மாதங்கள் தரப்பட்டன. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமலேயே மூன்று முறை விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையும் நடந்தது. பிறகு கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை ‘இயல்பான உட்சவ்வு, காசநோய்க்கான அறிகுறி இல்லை’ என்றது. இரண்டாவது இடத்தில் எச்.எஸ்.ஜி. எனப்படும், கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. மாதவிலக்கு ரத்தத்தில் காசநோய்க்கான பி.சி.ஆர். பரிசோதனையும் செய்யப்பட்டு, ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அன்றே ஆறு மாதக் காசநோய் மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேட்கத்தான் எங்களிடம் வந்தார்கள். உடன் வந்த மாமியாருக்கு அந்த அறிக்கை மேல் நம்பிக்கை இல்லை. “எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல்கூட இல்லையே டாக்டர், இவளுக்கு மட்டும் எப்படி டி.பி. வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விடை அந்தப் பெண்ணின் பழைய கதையில் இருந்தது.

கேட்டதும் பார்த்ததும்

“நெஞ்சில் எப்போதாவது நீர் கோத்ததா? கழுத்தில் கட்டி வந்ததா? வீட்டில் யாராவது நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டார்களா?” என்று தனித்தனியாகக் கேட்டோம். காசநோய் வந்ததா என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். நெஞ்சில் நீர் என்றதும் அவருக்கு நினைவு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது வலப்பக்கம் குத்தும் வலி, ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், பிறகு சிவப்பு மாத்திரைகள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் நினைவிருந்தது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது, தேர்வும் நெருங்கியது, மாத்திரையை நிறுத்திவிட்டார். சிறுநீரின் நிறத்தை மாற்றுவது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். அது காசநோய்ச் சிகிச்சைதான் என்பதற்கு இந்த ஒரு நினைவே போதுமான சான்றாக இருந்தது.

மாமியாரின் கேள்விக்கான விடையும் இதுதான். கருக்குழாயில் வரும் காசநோய் ஏறக்குறைய எல்லாரிடமும் வேறோர் உறுப்பிலிருந்து வந்தது. முதலில் கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து கருக்குழாயை அடைந்து, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிவிடக்கூடும். அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே அது உடம்புக்குள் வந்துவிட்டது.

அடுத்து மாதவிலக்கு பற்றிக் கேட்டோம். ‘மாதாமாதம் சரியாக வருகிறது’ என்பதே எல்லாக் கோப்புகளிலும் இருந்த குறிப்பு. நாள் தவறவில்லை என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்று யாரும் கேட்டிருக்கவில்லை. மணமான புதிதில் ஐந்து நாட்கள், நாளுக்கு மூன்று நான்கு நாப்கின் தேவைப்பட்டது. இப்போது ஒன்றரை நாள். ஒரே நாப்கின் போதும், அதுவும் முழுதாக நனைவதில்லை. மூன்று ஆண்டுகளாகப் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. வேலை அலைச்சலால் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கருப்பையின் உட்சவ்வு நோயால் அழிந்தாலோ, கருப்பையின் சுவர்கள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ உதிர்வதற்குச் சவ்வு இருக்காது. ரத்தப்போக்கு இப்படித்தான் தேயும். இத்துடன் அடிவயிற்றில் விட்டுவிட்டு வரும் மந்தமான வலி, ஓர் ஆண்டில் மூன்று கிலோ எடைக் குறைவு. காய்ச்சல் இல்லை, இரவு வியர்வை இல்லை.

எடை 46 கிலோ. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிமூலை மழுங்கியிருந்தது. பழைய நீர் விட்டுச்சென்ற தழும்பு. புதிய நோய் எதுவும் அதில் இல்லை. ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 38 மி.மீ.; தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனை 18 மி.மீ. தடிப்பு. இந்த இரண்டையும் நாங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈ.எஸ்.ஆர். எந்த அழற்சியிலும் ஏறும். மாண்டூ தடிப்பு, கிருமி என்றோ ஒருநாள் உடம்பைத் தொட்டது என்று மட்டும் சொல்லும். இன்று நோய் இருக்கிறதா என்று சொல்லாது. ரத்தத்தில் செய்யும் ஐக்ரா பரிசோதனைக்கும் இதே வரம்பு உண்டு. இரண்டாயிரம் மூவாயிரம் செலவழித்து அதைச் செய்துகொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கிருமி தொட்டவர்கள் ஏராளமாக வாழும் நம் நாட்டில் அந்த விடை நோயைத் தீர்மானிக்க உதவாது.

எச்.எஸ்.ஜி. படம் அதிகம் பேசியது. வலது கருக்குழாய் பாசிமணி கோத்ததுபோல் விரிந்தும் சுருங்கியும் போய் நடுவழியில் நின்றுவிட்டது. இடது குழாய் முனையில் பை போல உப்பியிருந்தது. சாயம் வயிற்றுக்குள் சிந்தவே இல்லை. கருப்பைக்குள் வலது மேல்மூலையில் ஓர் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தது. இந்தப் படத்தைப் பார்த்தால் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வேறு கிருமிகளாலும், கிளமிடியா போன்றவற்றாலும், குழாய் அடைபட்டு உப்பக்கூடும். படத்தை வைத்துச் சந்தேகத்தை வலுப்படுத்தலாம், நோயை உறுதிசெய்ய முடியாது. எச்.எஸ்.ஜி.யை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. உள்ளே காசநோய் விழித்திருக்கும் நேரத்தில் சாயத்தை அழுத்திச் செலுத்தினால் நோய் கிளர்ந்தெழும் ஆபத்து உண்டு.

பி.சி.ஆர். சீட்டை வைத்து ஏன் தொடங்கவில்லை

இந்த இடத்தில்தான் கருத்து வேறுபாடு வந்தது. பழைய நோய் உண்டு, மாதவிலக்கு தேய்ந்திருக்கிறது, குழாய்கள் கெட்டிருக்கின்றன, பி.சி.ஆர். பாசிட்டிவ். இதற்கு மேல் என்ன வேண்டும், மாத்திரையைத் தொடங்கலாமே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நாங்கள் காத்திருக்க முடிவு செய்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

பி.சி.ஆர். தேடுவது கிருமியின் மரபணுத் துணுக்கை. இறந்துபோன கிருமியின் துணுக்கும் அதில் அகப்படும். தனியார் ஆய்வகங்கள் சிலவற்றில் செய்யப்படும் பழைய முறைப் பி.சி.ஆரில், பக்கத்து மாதிரியிலிருந்து காற்றில் கலக்கும் ஒரு துளிகூடப் பொய்யான பாசிட்டிவைத் தந்துவிடும். நுரையீரல் அல்லாத காசநோய்க்கு இந்தியாவில் 2016-இல் வெளியான வழிகாட்டுதலும் இத்தகைய பி.சி.ஆர். விடையை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்குவதை ஏற்கவில்லை. ஒரு சீட்டை நம்பி ஆறு மாதம் பல மருந்துகளை, அதுவும் கல்லீரலைத் தாக்கக்கூடிய மருந்துகளை, நோயில்லாத பெண்ணுக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு சிறியதல்ல.

இரண்டாவது காரணம் இவருக்கே உரியது. பள்ளி வயதில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர். நோய் மீண்டும் எழுந்திருந்தால் அந்தக் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கலாம். அந்தப் பழைய பி.சி.ஆர். இதைப் பற்றி எதுவும் சொல்லாது. வழக்கமான மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பிறகு கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் கடினம்.

மூன்றாவது, கருப்பையும் குழாய்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எப்படியும் நேரில் பார்த்தாக வேண்டும். அடுத்து என்ன செய்யலாம் என்பது அதைப் பொறுத்தது. அவருக்கு உயிராபத்தான நிலை எதுவும் இல்லை. ஒரு மாதவிலக்குச் சுற்று காத்திருப்பதால் இழப்பில்லை.

முந்தைய திசுப் பரிசோதனை ‘இல்லை’ என்றதே, அதை ஏன் ஏற்கவில்லை? கோப்பைப் புரட்டியபோது அந்த மாதிரி மாதவிலக்குச் சுற்றின் எட்டாம் நாள் எடுக்கப்பட்டது தெரிந்தது. கருப்பையின் உட்சவ்வு மாதாமாதம் உதிர்கிறது. அதிலிருக்கும் காசநோய் முடிச்சுகளும் சேர்ந்தே உதிர்கின்றன. குழாயிலிருந்து கிருமி மறுபடி இறங்கி, புதிய சவ்வில் முடிச்சு உருவாகி, நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு வளர நாள் பிடிக்கும். அதனால்தான் அடுத்த மாதவிலக்குக்குச் சற்று முன்பு மாதிரி எடுக்க வேண்டும் என்கிறோம். எட்டாம் நாளில் எடுத்தது அப்போதுதான் துளிர்த்த சவ்வு. அதில் எதுவும் இல்லாதது எதையும் நிரூபிக்கவில்லை. அத்துடன் எடுத்த திசு முழுவதும் ஃபார்மலினில் போடப்பட்டிருந்தது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். அந்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழி அப்போதே அடைபட்டுவிட்டது.

மாதிரி எடுத்த நாள்

அவருடைய சுற்று 28 நாள். வயிற்றுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியும் 24-ஆம் நாள் ஒரே மயக்கத்தில் செய்யத் தேதி குறித்தோம். அந்த மாதம் ஆணுறை பயன்படுத்தச் சொன்னோம். அன்று காலை கர்ப்பப் பரிசோதனை செய்து இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். மருந்து ஒன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளைப்படுதலுக்கு ஒரு மருந்துக்கடையில் ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். அந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும்; நோயைக் குணமாக்காமல் பரிசோதனையை மட்டும் மறைத்துவிடும். அதை உடனே நிறுத்தினோம்.

அறுவை அரங்கில் முதலில் தயார் செய்தது குப்பிகளைத்தான். கிருமிநீக்கிய சலைன் கொண்ட குப்பிகள் ஒரு பக்கம், ஃபார்மலின் குப்பிகள் மறுபக்கம். ஒவ்வொன்றிலும் எந்த இடத்துத் திசு, எந்தப் பரிசோதனைக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டது. பழக்கத்தால் கை எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடத்தான் போகும். அதனால் திசுவைப் பெற்றுப் பிரிக்கும் பொறுப்பை ஒரே செவிலியரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு துண்டையும் வாங்கும்போது இடத்தின் பெயரை உரக்கச் சொல்லி, பாதியைச் சலைனிலும் பாதியை ஃபார்மலினிலும் போட்டார்.

ஹிஸ்டரோஸ்கோப்பியில் கருப்பையின் உள்புறம் வெளிறியிருந்தது. 24-ஆம் நாளில் இருக்க வேண்டிய செழுமை இல்லை. வலது மேல்மூலையில் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மெல்லிய ஒட்டு, எச்.எஸ்.ஜி.யில் தெரிந்த வெட்டு இதுதான். குழாய்கள் திறக்கும் இரண்டு மூலைகளிலிருந்தும் சவ்வை எடுத்தோம். கிருமி குழாயிலிருந்து இறங்குவதால் கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

லேப்ராஸ்கோப்பியில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. கருப்பைக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் நீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. குழாய்களின் மேலும் அந்தக் குழியின் சவ்விலும் கடுகளவு வெண்புள்ளிகள் சிதறியிருந்தன. வலது குழாய் விறைத்து முடிச்சுமுடிச்சாக இருந்தது; இடது குழாய் உப்பி, முனை மூடி, சினைப்பையோடு ஒட்டியிருந்தது. குடலின் ஒரு சுற்றும் அதில் ஒட்டியிருந்தது. கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே நூல் போன்ற ஒட்டுகள். நீலச் சாயம் செலுத்திப் பார்த்தோம். எந்தப் பக்கமும் வெளிவரவில்லை. வெண்புள்ளிகளில் சிலவற்றையும் தேங்கிய நீரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். ஒட்டுகளை விடுவிக்க முயலவில்லை. நோய் முற்றியிருக்கும்போது திசுக்கள் பிரியும் தளம் தெரியாது. குடல் கிழிந்தால் ஆறாத புண்ணாகிவிடும்.

கணவர் அன்று மாலை, “எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்திருக்கலாமே டாக்டர்?” என்று கேட்டார். குடல் ஒட்டியிருந்த இடத்தைக் காணொளியில் காட்டியபோது புரிந்துகொண்டார்.

பரிசோதனைகள் சொன்னவை

விடைகள் ஒரே நாளில் வரவில்லை, ஒரே மாதிரியும் வரவில்லை. முதலில் வந்தது நுண்ணோக்கியில் கிருமியைத் தேடும் பரிசோதனை: எல்லா மாதிரிகளிலும் இல்லை. இதை எதிர்பார்த்திருந்தோம். நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். சளியில் அது கிடைக்கும். கருப்பைத் திசுவில் கிருமிகள் மிகக் குறைவு.

அதே வாரத்தில் சி.பி.நாட் விடை வந்தது. இதுவும் மரபணுவைத் தேடும் பரிசோதனைதான். ஆனால் மூடிய பெட்டிக்குள்ளேயே எல்லாம் நடப்பதால் கலப்படத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். கருப்பைச் சவ்வில் கிருமி இல்லை. வயிற்றுச் சவ்வின் வெண்புள்ளியில் இருந்தது. அளவு மிகக் குறைவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. ஒரே பெண், ஒரே நாள், இரண்டு இடம், இரண்டு விடை. கருப்பைச் சவ்வை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தால் ‘காசநோய் இல்லை’ என்ற இன்னொரு தாள் கோப்பில் சேர்ந்திருக்கும்.

பத்து நாளில் திசு அறிக்கை. வெண்புள்ளியில் நடுவே பாலாடைக்கட்டி போலச் சிதைந்த காசநோய் முடிச்சுகளும் பல உட்கரு கொண்ட பெரிய செல்களும் தெளிவாக இருந்தன. கருப்பைச் சவ்விலும் இரண்டு சிறு முடிச்சுகள் கிடைத்தன, ஆனால் சிதைவு இல்லை. சிதைவில்லாத முடிச்சை மட்டும் வைத்துக் காசநோய் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேறு நோய்களிலும் அது வரும். இங்கே மற்ற விடைகளோடு சேர்ந்ததால் அதற்குப் பொருள் வந்தது.

கடைசியாகக் கிருமி வளர்ப்பு. திரவ ஊடகத்தில் வளர்க்கும் இந்த முறையில் ‘இல்லை’ என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும். நான்காவது வாரம் வெண்புள்ளி மாதிரியில் கிருமி வளர்ந்தது. கருப்பைச் சவ்வில் கடைசிவரை வளரவில்லை. வளர்ந்த கிருமி ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்பட்டது. ஐசோநயாசிட் பற்றிய விடை இங்கே முக்கியம், ஏனென்றால் சி.பி.நாட் அதைச் சொல்வதில்லை. பாதியில் நிறுத்தியவர்களிடம் அந்த எதிர்ப்பு மட்டும் தனியாக இருக்கக்கூடும்.

சிகிச்சையும் வீட்டுக் கேள்விகளும்

சி.பி.நாட்டும் திசு அறிக்கையும் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்கினோம். வளர்ப்பு விடைக்காகக் காத்திருக்கவில்லை. காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் தளத்தில் பதிவு செய்து, அரசு வழங்கும் கூட்டு மாத்திரையைப் பெற்றார். 46 கிலோ எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் இல்லாமல் மூன்று. கூடவே நரம்பைக் காக்கப் பைரிடாக்சின். முன்பு சிகிச்சை எடுத்தவர் என்பதற்காக ஊசி சேர்க்கும் பழைய முறை இப்போது வழக்கத்தில் இல்லை. கிருமி மருந்துக்குக் கட்டுப்படும்போது அது தேவையும் இல்லை.

மூன்றாவது வாரம் குமட்டலும் வாந்தியும் வந்தன. கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 64. வாந்தி போன்ற தொந்தரவு இருக்கும்போது இயல்பின் உச்சவரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவோம். இது அந்த எல்லையைத் தொடவில்லை. மாத்திரையை இரவு உணவுக்குப் பின் மாற்றி, வாராவாரம் ரத்தம் பார்த்தோம். ஐந்தாம் வாரத்தில் அளவு இறங்கிவிட்டது. எதாம்பியூட்டால் கண்ணின் நிற உணர்வைக் கெடுக்கக்கூடும் என்பதால் மாதாமாதம் சிவப்பு, பச்சை அடையாளம் காட்டச் சொல்லிச் சோதித்தோம். ஆறு மாதமும் ஆணுறையே பயன்படுத்தச் சொன்னோம். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பதால் அது இங்கே நம்பகமானதல்ல.

இரண்டாம் மாதம் அவர் தனியாக வந்தபோதுதான் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கணவரும் முன்னறையில் படுக்கத் தொடங்கியிருந்தார். அடுத்த முறை மூவரையும் வரச் சொன்னோம். காசநோய் பரவுவது நுரையீரலில் நோய் உள்ளவரின் இருமலால். இவருக்கு நுரையீரலில் நோய் இல்லை, தட்டிலோ டம்ளரிலோ எதுவும் ஒட்டாது என்று எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து விளக்கினோம். “அப்படியானால் இவனுக்கு?” என்று மகனைக் காட்டிக் கேட்டார் மாமியார். உறவின் வழியே பரவுவது மிக அரிது, ஆணுறை கருத்தரிக்காமல் இருப்பதற்காகத்தான் என்றோம். அடுத்த வாரம் தட்டு மாறிவிட்டதாக அவரே சொன்னார். நோயைக் கண்டுபிடித்துச் சொல்லும் நாளிலேயே இதை வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பின்னர் நடந்தவை

ஆறு மாத முடிவில் எடை நான்கு கிலோ கூடியிருந்தது. ஈ.எஸ்.ஆர். 14. வயிற்று வலி இல்லை. மாதவிலக்கு மூன்று நாள் வந்தது. பழைய அளவு திரும்பவில்லை. மறுபடி 24-ஆம் நாள் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து ஒட்டை விடுவித்தோம். சவ்வில் முடிச்சு இல்லை, வளர்ப்பிலும் கிருமி இல்லை. நோய் தீர்ந்ததா என்று பார்க்க மரபணுப் பரிசோதனை எதையும் செய்யவில்லை. இறந்த கிருமியின் துணுக்கு அதில் தெரிந்து வீண் குழப்பம் தரும்.

மருந்து கிருமியைக் கொன்றது. குழாய்களை மீட்டுத் தரவில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்படும் சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் குழாய் திறந்து இயல்பாகக் கருத்தரிப்பதும் உண்டு. தழும்பாகிவிட்ட குழாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அறுவை செய்து திறந்தாலும் கரு குழாயிலேயே தங்கும் ஆபத்துதான் கூடும். ஆகவே சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஒன்றே வழி என்று வெளிப்படையாகச் சொன்னோம். அதற்கு முன் இடது குழாயைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உப்பிய குழாயில் தேங்கும் நீர் கருப்பைக்குள் கசிந்து கருவை ஒட்டவிடாது. குழாயை எடுத்துவிடுவதுதான் வழக்கம். இங்கே குடலும் சினைப்பையும் இன்னமும் ஒட்டியிருந்ததால், கருப்பையோடு சேரும் இடத்தில் கிளிப் போட்டு அடைத்தோம்.

சினைப்பைகளும் ஓரளவு பாதிக்கப்பட்டிருந்தன. ஏழு முட்டைகள் கிடைத்து நான்கு கருக்கள் உருவாகி, நான்கும் உறையவைக்கப்பட்டன. மருந்து கொடுத்தும் உட்சவ்வு 6.8 மி.மீ. தாண்டவில்லை, 7 இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முதல் கரு ஒட்டவில்லை. சில மாதம் கழித்து வைத்த இரண்டாவது கரு ஒட்டியது. இதயத் துடிப்பும் தெரிந்தது. எட்டாம் வாரத்தில் நின்றுவிட்டது. வெளிவந்த திசுவை, இந்த முறையும் பிரித்து, இரண்டு பரிசோதனைக்கும் அனுப்பினோம். காசநோய் திரும்பியிருக்கவில்லை. மெல்லிய, தழும்பேறிய உட்சவ்வே காரணமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

இதை எழுதும்போது அவருக்கு 31 வயது. காசநோய் இல்லை. இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. இப்போதைக்கு நிறுத்திவைக்கிறோம் என்று இருவரும் முடிவெடுத்து, தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதனால் மாற்றியவை, மாற வேண்டியவை

இந்தப் பெண்ணிடம் நோயின் தடயம் மூன்று ஆண்டுகளாக மாதவிலக்கின் அளவில் இருந்தது. எங்கள் புறநோயாளிப் படிவத்தில் ‘மாதவிலக்கு சரியாக வருகிறதா’ என்ற கேள்விக்குக் கீழே ‘எத்தனை நாள், எத்தனை நாப்கின், முன்பு எத்தனை’ என்று மூன்று கட்டங்களைச் சேர்த்திருக்கிறோம். அடுத்த வரி, ‘நெஞ்சில் நீர், கழுத்துக் கட்டி, சிறுநீரைச் சிவப்பாக்கும் மாத்திரை’. இதற்குச் செலவு எதுவும் இல்லை. இந்த இரண்டும் முதல் சிகிச்சையின்போதே கேட்கப்பட்டிருந்தால், குழாய்கள் மிச்சமிருக்கும்போதே நோய் தெரிந்திருக்கலாம். குழாய் திறந்திருக்கிறதா என்று தெரியாமல் விந்தணு செலுத்தும் சிகிச்சையைத் தொடங்குவதும் எங்கள் பகுதியில் நிற்க வேண்டும். அடைபட்ட குழாய்க்கு அதனால் பயனே இல்லை, இவருக்கு அதில் போனது பணம் மட்டுமல்ல, காலமும்தான்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் மாதவிலக்குச் சுற்றின் எத்தனையாம் நாள் என்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். அது இல்லாவிட்டால் ‘முடிச்சு இல்லை’ என்ற அறிக்கையைப் படிக்கும் அடுத்த மருத்துவருக்கு அதை எவ்வளவு நம்புவது என்று தெரியாது. மகப்பேறின்மைக்காக எந்தக் கருப்பை மாதிரி எடுத்தாலும் சலைன் குப்பி ஒன்று அரங்கில் இருக்கும். காசநோய்ச் சந்தேகம் இல்லாதபோது அது வீணாகும், வீணாகட்டும்.

பி.சி.ஆர். தாளோடு வருபவர்களிடம் இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தூக்கி எறிவதில்லை. சந்தேகிக்க ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு, கதையையும் படத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் திசுவைச் சரியான நாளில் எடுக்கிறோம். இந்தப் பெண்ணின் தாள் சரியாகத்தான் சொன்னது. அதே போன்ற தாளுடன் வந்து, கதையிலும் லேப்ராஸ்கோப்பியிலும் திசுவிலும் எதுவும் இல்லாமல், மாத்திரை எதுவும் எடுக்காமல் இயல்பாகக் கருத்தரித்தவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். தாளை மட்டும் பார்த்து இவர்களையும் அவரையும் வேறுபடுத்த முடியாது.